வாரம் ஒரு திசை காட்டும் நிறுவனர்: பூட்டு, வரிசை, தனிக்குழு – எது பொருந்தும்?

திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் ஒரு முன்னுரிமை முடிவாகிறது. புதன்கிழமை ஒரு வாடிக்கையாளரோடு பேசிவிட்டு வரும் நிறுவனர் வேறொன்றைச் சொல்கிறார். வெள்ளிக்கிழமை முதலீட்டாளர் சந்திப்பு. அடுத்த திங்கட்கிழமை இரண்டும் ஓரம் போய் மூன்றாவது வந்து உட்காருகிறது. சின்ன ஸ்டார்ட்அப்பில் டீம் லீடாகவோ ப்ராடக்ட் மேனேஜராகவோ இருப்பவருக்கு இதில் ஒரு முடிவு எடுக்கவேண்டியிருக்கிறது. நிறுவனருக்கும் டீமுக்கும் நடுவே ஓர் ஏற்பாடு வேண்டும். அது எந்த மாதிரி?

பழக்கத்தில் இருப்பவை நான்கு. இரண்டு வாரத்துக்கு வேலைப் பட்டியலைப் பூட்டிவைப்பது, நடந்துகொண்டிருக்கும் வேலைக்கு எண்ணிக்கை வரம்பு வைத்து ‘ஒன்று வந்தால் ஒன்று போகும்’ என்று நடத்துவது, நிறுவனரின் யோசனைகளுக்கென்றே இரண்டு பேரை ஒதுக்கிவிடுவது, ஆறு வாரச் சுற்றில் வேலை செய்வது. ஐந்தாவதாக, விலகிப் போவதும் உண்டு. எதுவும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. உங்கள் இடத்துக்கு எது என்பது ஒரே ஓர் அளவீட்டைப் பொறுத்தது. அதைப் பெரும்பாலான டீம்கள் எடுப்பதே இல்லை. அதனால் அங்கிருந்து தொடங்குவோம்.

முதலில் ஆறு வாரப் பதிவேடு

ஒரு எளிய விரிதாள் போதும். நிறுவனரிடமிருந்து முன்னுரிமை மாற்றம் வரும் ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதுங்கள்: எந்தத் தேதியில் வந்தது, எங்கிருந்து வந்தது (வாடிக்கையாளர், முதலீட்டாளர், போட்டி நிறுவனம், சொந்த யோசனை), அதற்காக எந்த வேலை நிறுத்தப்பட்டது, நிறுத்தப்பட்ட வேலையில் அதுவரை எத்தனை ஆள்நாள், அதாவது ஒருவரின் ஒரு நாள் உழைப்பு என்ற கணக்கில், போயிருந்தது. கடைசியாக ஒரு கட்டத்தைக் காலியாக விடுங்கள். இரண்டு வாரம் கழித்து, ‘இது இன்னும் அவருக்கு வேண்டுமா?’ என்பதற்கு ஆம் அல்லது இல்லை என்று அதில் நிரப்பவேண்டும். அவரிடம் நேரடியாகக் கேட்க வேண்டியதில்லை. அந்த இரண்டு வாரத்தில் அதைப் பற்றி அவர் பேசினாரா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

உதாரணத்துக்கு, சிறிய மருத்துவமனைகளுக்கு முன்பதிவு மென்பொருள் செய்யும் ஒரு டீம் என்று வைத்துக்கொள்வோம். டெவலப்பர்கள் ஆறு பேர், டிசைனர் ஒருவர், டெஸ்டர் ஒருவர், ப்ராடக்ட் மேனேஜர் ஒருவர். ஆறு வாரத்தில் ஆறு டெவலப்பர்களுக்கு மொத்தம் 180 ஆள்நாள். பதிவேட்டில் 11 மாற்றங்கள் விழுகின்றன. விற்பனை அழைப்புகளிலிருந்து 5, முதலீட்டாளர் சந்திப்பிலிருந்து 3, போட்டி நிறுவனத்தின் அறிவிப்பைப் பார்த்து 2, உண்மையான நெருக்கடி 1 (பணம் செலுத்தும் பக்கம் சில மருத்துவமனைகளில் வேலை செய்யவில்லை). 180 ஆள்நாளில் 70 பயனர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. 36 இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. மீதி 74, அதாவது ஐந்தில் இரண்டு பங்கு, பாதியில் விடப்பட்ட வேலை.

74 என்ற எண் அதிர்ச்சி தரும். ஆனால் முடிவெடுக்க உதவுவது கடைசிக் கட்டம்தான். இந்த 11-இல் இரண்டு வாரம் கழித்தும் உயிரோடு இருந்தவை 4 மட்டும். 7 கோரிக்கைகள் தாமாகவே ஆவியாகிவிட்டன. அவற்றில் 4 ஒரே வாரத்துக்குள்.

கோரிக்கைகளில் பெரும்பாலானவை இரண்டு வாரம் தாங்காதவை என்றால், நிறுவனர் உரக்க யோசிக்கிறார், டீம் அதை உத்தரவாக எடுத்துக்கொள்கிறது என்று பொருள். அப்போது காத்திருக்க ஓர் இடம் இருந்தாலே பாதிச் சிக்கல் தீரும். மாறாக, 11-இல் 8 அல்லது 9 இரண்டு வாரம் கழித்தும் உயிரோடு இருந்தால் கதையே வேறு. அவர் சந்தையிலிருந்து சரியான செய்தியைத்தான் கொண்டுவருகிறார். உங்கள் வேலைத் துண்டுகள் மிகப் பெரியவை, அதனால் ஒவ்வொரு திருப்பமும் வலிக்கிறது. இந்த இரண்டாவது வகையில் நிறுவனரைத் தடுக்க ஏற்பாடு செய்தால் அது நிறுவனத்துக்கே கேடு.

பதிவேடு இல்லாமலே தெரியும் ஓர் அறிகுறியும் உண்டு. புதிய வேலை கைக்கு வந்ததும் டெவலப்பர்கள் தொடங்காமல் இரண்டு நாள் இழுக்கிறார்களா என்று பாருங்கள். ‘கொஞ்சம் பொறுப்போம், எப்படியும் மாறிடும்’ என்று அவர்களே ஒரு காத்திருப்பு அறை கட்டிக்கொண்டார்கள். சோம்பல் என்று இதைத் தவறாகப் படிப்பது எளிது. திட்டமிடும் கூட்டத்தில் யாரும் கேள்வி கேட்காமல் எல்லா மதிப்பீட்டுக்கும் தலையாட்டுவதும் இதே வகைதான். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தன் நோய் வகைப்பாட்டில் பணிச்சோர்வை வரையறுத்தபோது உடல், மனக் களைப்பை மட்டும் சொல்லவில்லை; வேலையிலிருந்து மனம் விலகிப்போவதையும், செய்வதால் பயன் விளைகிறது என்ற உணர்வு குறைவதையும் சேர்த்தே சொன்னது. பாதியில் விடப்படும் வேலை பின்னிரண்டையும்தான் நேராகத் தாக்குகிறது. அதனால்தான் இப்படிச் சோர்ந்த டீமுக்கு நான்கு நாள் விடுப்பு கொடுத்தும் ஒன்றும் மாறுவதில்லை. திரும்பி வரும்போது அதே பாதி வேலைகள் காத்திருக்கின்றன.

நிஜமான திசைமாற்றத்தைத் தனியே வையுங்கள்

ஒப்பிடுவதற்கு முன் ஒன்றைப் பிரித்துவிட வேண்டும். யாருக்கு விற்கிறோம், எந்தச் சிக்கலைத் தீர்க்கிறோம், பணம் எப்படி வருகிறது ஆகிய மூன்றில் ஒன்று மாறினால் அதுதான் பிவட். அதை எந்தப் பூட்டும் வரிசையும் தடுக்கக்கூடாது. கிளிட்ச் என்ற இணைய விளையாட்டை நடத்திவந்த நிறுவனம் 2012-இல் அதை மூடிவிட்டு, தன் ஊழியர்கள் உள்ளுக்குள் பேசிக்கொள்ளச் செய்துவைத்திருந்த கருவியைக் கையில் எடுத்தது. அதுதான் 2013-இல் ஸ்லாக் என்று வெளிவந்தது. பர்பன் என்ற செயலி புகைப்படம், கருத்து, விருப்பம் தவிர மற்ற எல்லாவற்றையும் கழித்துக்கட்டி 2010 அக்டோபரில் இன்ஸ்டாகிராமாக வந்தது. இரண்டிலும் பழையது முழுமையாக நிறுத்தப்பட்டது. வாராந்தரக் குலுக்கலில் நடப்பது இதற்கு நேர் எதிர்: பழையதை நிறுத்துகிறோம் என்று யாரும் முடிவெடுப்பதில்லை, புதியது மேலே ஏறி உட்காருகிறது.

எந்த ஏற்பாட்டைத் தேர்ந்தாலும் பிவட்டுக்கு ஒரு தனி வாசல் வையுங்கள். நிறுவனர் ஒரு பக்கம் எழுதவேண்டும்: எந்த அனுமானம் பொய்த்தது, எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறார், எவற்றையெல்லாம் நிறுத்துகிறோம். எழுதிவிட்டால் அன்றே எல்லா வேலையும் நிற்கும், டீம் மொத்தமும் திரும்பும். மூன்றாவது கேள்விக்குப் பதில் எழுத முடியாத தாள்கள் பெரும்பாலும் பிவட் அல்ல.

இரண்டு வாரப் பூட்டு

முதலில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது இதுதான். ஸ்க்ரம் முறையின் 2020 வழிகாட்டியில் ஸ்பிரிண்ட் என்ற வேலைச் சுற்று ஒரு மாதத்துக்கு மேல் போகக்கூடாது, அதன் இலக்கைக் குலைக்கும் மாற்றங்கள் நடுவில் செய்யக்கூடாது, இலக்கு பொருளற்றுப் போனால் வேலைப் பட்டியலுக்குப் பொறுப்பான ப்ராடக்ட் ஓனர் மட்டும் ஸ்பிரிண்ட்டை ரத்து செய்யலாம் என்று இருக்கிறது. நடைமுறையில் பல டீம்கள் இரண்டு வாரம் வைத்துக்கொள்கின்றன.

இதன் வடிகட்டும் திறனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஏதோ ஒரு நாளில் வரும் யோசனை, பூட்டின் நீளத்தில் பாதி அளவு சராசரியாகக் காத்திருக்கும். இரண்டு வாரப் பூட்டில் ஒரு வாரம். நம் உதாரணத்தில் ஆவியான ஏழு கோரிக்கைகளில் சுமார் நான்கு இந்தக் காத்திருப்பிலேயே கரைந்துவிடும். மீதி மூன்று, திட்டமிடும் நாளுக்குச் சற்று முன் வந்ததால் உள்ளே நுழைந்துவிடும். மோசமில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பூட்டு வேலை செய்ய, சாவி வேறொருவர் கையில் இருக்கவேண்டும். பத்துப் பேர் இருக்கும் ஸ்டார்ட்அப்பில் ப்ராடக்ட் ஓனர் என்ற பெயர் யாருக்கு இருந்தாலும் அந்த அதிகாரம் நிறுவனரிடம்தான். அவர் பூட்டுகிறார், அவரே மூன்றாம் நாள் திறக்கிறார். இரண்டு முறை திறந்துவிட்டால் மூன்றாவது ஸ்பிரிண்ட் திட்டமிடும் கூட்டம் வெறும் சடங்கு. இன்னொரு வழியாகவும் இது கசியும். பூட்டை மதிக்க ஒப்புக்கொண்ட நிறுவனர் தன் கோரிக்கைகளை ‘பக்’ என்று பெயர் மாற்றி அனுப்பத் தொடங்குவார். வேண்டுமென்றே செய்வதில்லை, அவசரத்துக்கு அந்த ஒரு வாசல்தான் திறந்திருக்கிறது. ஸ்பிரிண்ட் முடிவில் ஒரு சோதனை போதும்: தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட பத்தில் எத்தனை முடிந்தது, பட்டியலில் இல்லாதவை எத்தனை முடிந்தன? நான்கும் ஆறும் என்று வந்தால் பூட்டு காகிதத்தில் மட்டும் இருக்கிறது.

இணை நிறுவனர் ஒருவர் இருந்து, ப்ராடக்ட் முடிவுகளை அவர் கையில் வைத்திருக்கிறார், மற்றவர் விற்பனையைப் பார்க்கிறார் என்ற அமைப்பில் பூட்டு நன்றாக நிற்கும். தனி நிறுவனரிடம் இதை நம்பி இறங்குவது வீண் வேலை என்பது என் கணிப்பு.

எண்ணிக்கை வரம்பும் மாற்று விதியும்

வேலைகளைக் கார்டுகளாக ஒட்டி பத்தி பத்தியாக நகர்த்தும் கான்பான் பலகையின் அடிப்படை இது. நிறுவனரைத் தடுப்பதில்லை. எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், ஆனால் மாற்றுவதன் விலை அவர் கண் முன்னால், முடிவெடுக்கும் அந்த நொடியில் நிற்கும். இந்த ஒரு குணத்துக்காக இதற்கு அதிக இடம் கொடுக்கிறேன்.

பலகையில் ஐந்து பத்திகள்: காத்திருப்பு, நடக்கிறது, சோதனை, முடிந்தது, நிறுத்தியது. ஆறு டெவலப்பர்களுக்கு ‘நடக்கிறது’ பத்தியில் நான்கு கார்டு மட்டும்; இரண்டு கார்டுகளில் இருவர் சேர்ந்து வேலை செய்வார்கள். ‘சோதனை’யில் இரண்டு. ‘காத்திருப்பு’க்கு ஐந்து இடம். ஒரு கார்டு நான்கு ஆள்நாளுக்கு மேல் போகக்கூடாது, போனால் உடைக்கவேண்டும். உடைக்கும்போது ஒவ்வொரு துண்டும் தனியாகவே பயன்படும்படி வெட்டுவது முக்கியம். ‘நினைவூட்டல் குறுஞ்செய்தி’ என்ற வேலையைத் தரவுத்தளம், பின்னணிச் சேவை, திரை என்று குறுக்கே வெட்டினால் மூன்றும் முடியும்வரை எதுவும் பயனில்லை. ‘ஒரே நேரத்தில், ஒரே வாசகத்தோடு, எல்லோருக்கும் போகும் நினைவூட்டல்’ முதல் துண்டு, ‘நேரத்தை மருத்துவமனையே மாற்றலாம்’ இரண்டாவது, ‘வாசகத்தை மாற்றலாம்’ மூன்றாவது என்று நெடுக்கே வெட்டினால், முதல் துண்டோடு நிறுவனர் மனம் மாறினாலும் கையில் ஏதோ ஒன்று மிஞ்சும்.

விதி இரண்டே. காத்திருப்புப் பத்தி நிறுவனருடையது. நள்ளிரவில்கூட வரிசையைக் கலைத்து அடுக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். நடக்கும் பத்திக்குள் ஒரு கார்டை நுழைக்கவேண்டுமென்றால், அங்கிருக்கும் ஒன்றை அவரே தன் கையால் ‘நிறுத்தியது’ பத்திக்கு நகர்த்தவேண்டும். நகர்த்தும்போது அதில் இதுவரை போன ஆள்நாளை கார்டின் மேல் எழுதவேண்டும். ப்ராடக்ட் மேனேஜர் அவருக்காக நகர்த்திக் கொடுக்கக்கூடாது. இந்தச் சின்ன விஷயம்தான் ஏற்பாட்டின் உயிர். ‘இதையும் சேர்த்துக்கோங்க’ என்று சொல்வது எளிது. மூன்று நாள் வேலை செய்த ஒரு கார்டைத் தானே எடுத்து ஓரம் வைப்பது அவ்வளவு எளிதல்ல.

வரம்பு ஏன் நான்கு, ஏன் பன்னிரண்டு அல்ல? ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய வரிசைத் தேற்றம் இங்கே கைகொடுக்கும். நடக்கும் வேலைகளின் எண்ணிக்கையை, ஒரு வாரத்தில் முடியும் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு வேலை உள்ளே கிடக்கும் சராசரிக் காலம் கிடைக்கும். பன்னிரண்டு வேலை திறந்திருந்து வாரம் மூன்று முடிந்தால், ஒவ்வொன்றும் நான்கு வாரம் கிடக்கிறது. வாரம் ஒருமுறை மனம் மாறும் நிறுவனரிடம் நான்கு வார வேலை பிழைக்க வாய்ப்பே இல்லை. அதே வாரம் மூன்று என்ற வேகத்தில் நான்கு மட்டும் திறந்திருந்தால், ஒன்றரை வாரத்துக்கும் குறைவு. அவர் மனம் மாறுவதற்குள் பெரும்பாலானவை பயனர் கைக்குப் போயிருக்கும். இது சீராக ஓடும் வரிசையின் சராசரிக்குத்தான் பொருந்தும் என்பதை மறக்கவேண்டாம். பாதியில் கைவிடப்பட்டும் பலகையில் தொங்கிக்கொண்டிருக்கும் கார்டுகளை முதலில் கழித்துவிட்டு எண்ணுங்கள், இல்லாவிட்டால் கணக்கு ஏமாற்றும்.

இது எங்கே உடையும்? முதலாவதாக, வரம்பு ஓசையில்லாமல் ஏறும். நான்கு ஐந்தாகும், ‘இந்த வாரம் மட்டும்’ ஆறாகும். ஏறிய தேதியைப் பலகை ஓரத்தில் எழுதிவையுங்கள். ஒரு மாதத்தில் இரண்டு தேதிக்கு மேல் இருந்தால் விதி செத்துவிட்டது. இரண்டாவதாக, கார்டு இல்லாத வேலை. நிறுவனர் ஒரு ஜூனியர் டெவலப்பருக்கு நேரடியாகச் செய்தி அனுப்புவார், ‘சின்ன விஷயம்தான், அரை மணி நேரம்’ என்று. அந்தப் பையனோ பெண்ணோ நிறுவனரிடம் முடியாது என்று சொல்லவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. மறுப்பதற்குப் பதிலாக அவர்களிடம் ஒரு வரியைக் கொடுத்துவிடுங்கள்: ‘சரிங்க, இப்பவே காத்திருப்பில் கார்டா போட்டுட்டேன், முதலிடத்தில் இருக்கு.’ இது சம்மதம்தான். ஆனால் பாதை பலகை வழியாகப் போகிறது. மூன்றாவதாக, ‘நிறுத்தியது’ பத்தி நிறைந்து பார்ப்பதற்கே அவமானமாகும், யாரோ அதை மறைத்துவிடுவார்கள். மறைக்கவிடாதீர்கள், நான்கு வாரம் ஆன கார்டுகளை அவற்றுக்கென எழுதிய நிரல் கிளையோடு சேர்த்து அழித்துவிடுங்கள். எழுதிய ஆள்நாள் மட்டும் பதிவேட்டில் இருக்கட்டும்.

இரண்டு பேர் தனிக்குழு

யோசனைகளை நிறுத்தவே முடியாது, அவற்றில் சிலவற்றுக்குப் பதில் தெரிந்தே ஆகவேண்டும் என்ற நிலையில் இதை எடுக்கலாம். ஆறு டெவலப்பர்களில் இருவரும், டிசைனரின் பாதி நேரமும் நிறுவனருக்கு. மீதி நால்வரைத் தொடக்கூடாது. தனிக்குழுவுக்கு மூன்று கட்டுப்பாடு: ஒரு யோசனைக்கு ஐந்து வேலை நாளுக்கு மேல் இல்லை, தொடங்கும் முன் விடை தெரியவேண்டிய கேள்வி ஒரே வாக்கியத்தில் எழுதியிருக்கவேண்டும், எழுதும் நிரல் எதுவும் நிஜத் தயாரிப்புக்குள் போகாது.

கணக்கைப் பார்த்துவிடுவோம். ஆறு வாரத்தில் இருவருக்கு 60 ஆள்நாள். ஒரு யோசனைக்கு 10 ஆள்நாள் என்றால் ஆறு யோசனைக்கு இடம். நெருக்கடியைக் கழித்தால் பதிவேட்டில் இருந்தவை பத்து. எனவே பத்தில் ஆறைத் தேர்ந்தெடுக்கும் வேலையை நிறுவனரே செய்யவேண்டிவரும். நால்வரின் 120 ஆள்நாள் ஒரே திசையில் ஓடும். முன்பு ஆறு பேர் சேர்ந்து முடித்தது 70 என்பதை நினைத்தால் இது கவர்ச்சியாகத்தான் தெரியும். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. இந்த 60 ஆள்நாள் ஒவ்வொரு ஆறு வாரமும் தவறாமல் கட்டும் வாடகை. யோசனை வராத அமைதியான வாரத்திலும் அது போகும். குலுக்கலில் வீணானது 74. வாடகைக்கும் வீணுக்கும் பெரிய வித்தியாசமில்லை. அந்த ஆறு சோதனைகளிலிருந்து ‘இதைச் செய்யக்கூடாது’ என்ற தெளிவான பதில் இரண்டு மூன்றாவது வந்தால்தான் இது லாபம். தன் சந்தையை இன்னும் கண்டுபிடிக்காத நிறுவனத்துக்கு அந்தப் பதில்கள் மதிப்புள்ளவை. 200 வாடிக்கையாளர்கள் மாதாமாதம் பணம் கட்டும் நிறுவனத்துக்கு அவ்வளவு இல்லை.

கெடும் விதம் கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் ஒன்றுதான். ஐந்தாம் நாள் டெமோ அழகாக ஓடும். ‘வேலை செய்யுதே, இதையே வெளியிட்டுடலாமே’ என்பார் நிறுவனர். பிழை கையாளுதல் இல்லாத, ஒரே ஒரு மருத்துவமனையின் தரவோடு ஓடும் அந்த நிரல் தயாரிப்புக்குள் போகும். அடுத்த மூன்று வாரம் தீண்டப்படாமல் இருக்கவேண்டிய நால்வர் அதைத் தைத்துக்கொண்டிருப்பார்கள். இதைத் தவிர்க்க, முன்மாதிரியைத் தயாரிப்பில் பயன்படாத கருவியில் செய்யச் சொல்லுங்கள். சொடுக்கினால் நகரும் திரை மாதிரிகளும் கையால் நிரப்பிய விரிதாளும் பல கேள்விகளுக்குப் போதும். வெளியிடவே முடியாத ஒன்றை யாரும் வெளியிடச் சொல்வதில்லை. இன்னொன்று, அந்த இருவரும் எட்டு வாரத்துக்கு மேல் தாங்கமாட்டார்கள். சோர்வை ஆறு பேரிடமிருந்து எடுத்து இருவர் தலையில் வைத்திருக்கிறோம் என்பதை மறந்துவிடாமல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றவேண்டும். டெவலப்பர்கள் ஐந்துக்குக் குறைவான டீமில் இதைத் தொடவேண்டாம்.

ஆறு வாரச் சுற்று

பேஸ்கேம்ப் நிறுவனம் பழக்கப்படுத்திய முறை: ஆறு வாரம் வேலை, பிறகு இரண்டு வாரம் இடைவெளி, ஆறு வாரத்தில் முடியாத வேலைக்குத் தானாக நீட்டிப்பு இல்லை. அந்தக் கடைசி விதி மிக நல்லது, எங்கிருந்தாலும் திருடிக்கொள்ளலாம். ஆனால் யோசனை சராசரியாக மூன்று வாரத்துக்கு மேல் காத்திருக்கவேண்டும். வாரம் ஒருமுறை மாறுபவர் முதல் சுற்றின் இரண்டாம் வாரத்திலேயே இதை உடைப்பார். மூன்றாண்டு நிலைத்த தயாரிப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

இந்த டீமுக்கு எது?

உதாரண டீமில் தனி நிறுவனர், கட்டணம் செலுத்தும் மருத்துவமனைகள் ஏற்கெனவே உண்டு, 11-இல் 7 ஆவியாகிறது. தனி நிறுவனர் என்பதால் பூட்டு நிற்காது. தயாரிப்பு ஏற்கெனவே விற்கிறது என்பதால் தனிக்குழுவின் வாடகை கட்டுப்படியாகாது. எண்ணிக்கை வரம்புதான் சரி. அதோடு ஒரு சின்ன ஒட்டுப்போடலாம்: நடக்கும் பத்தியில் மாற்றுவது திங்கள், வியாழன் காலை மட்டும், பதினைந்து நிமிடம். காத்திருப்பு அதிகபட்சம் நான்கு நாள்தான், நிறுவனர் தாங்குவார். ஆனால் புதன்கிழமை அழைப்பின் சூடு ஒரு இரவாவது ஆறும். பணம் செலுத்தும் பக்கம் உடைந்தது போன்ற நெருக்கடிக்கு எழுதிவைத்த வரையறை வேண்டும்: இப்போது பணம் கட்டும் ஒருவர், நேற்றுவரை செய்ய முடிந்த ஒன்றை இன்று செய்ய முடியவில்லை. புதிதாக ஒன்று வேண்டும் என்பது எவ்வளவு பெரிய வாடிக்கையாளர் கேட்டாலும் இதில் சேராது.

பதிவேட்டில் 9 கோரிக்கைகள் உயிரோடு இருந்திருந்தால்? இதே வரம்பு, ஆனால் திங்கள்-வியாழன் ஒட்டு வேண்டாம், கார்டு அளவை இரண்டு ஆள்நாளாகக் குறைக்கவேண்டும். அங்கே மாறவேண்டியது டீம்.

நிறுவனரிடம் எடுத்துச் செல்லும்போது டீம் சோர்ந்திருக்கிறது என்று தொடங்கவேண்டாம். கையில் எத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கிறது என்ற கவலையோடு உட்கார்ந்திருப்பவருக்கு அது புகாராகக் கேட்கும். பதிவேட்டைப் பெயரடை இல்லாமல் முன்னால் வையுங்கள்: 180-இல் 70 பயனருக்குப் போனது, 74 நின்றது, கேட்ட பதினொன்றில் நான்கு இன்னும் வேண்டியிருக்கிறது. பிறகு ஆறு வாரச் சோதனை மட்டும் கேளுங்கள், நிரந்தர மாற்றம் கேட்கவேண்டாம். 74 ஆள்நாளை அவர் சம்பளக் கணக்கில் தானே பெருக்கிக்கொள்வார். நீங்கள் பெருக்கிக் காட்டினால் எண்ணின் மேல் வாதம் வரும்.

ஆறாவது வார முடிவில் பார்க்கவேண்டியது மூன்று. நிறுத்தியதில் எழுதிய ஆள்நாள் 36-க்கு, அதாவது ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே வந்ததா? நடக்கும் பத்தியில் கார்டு மாற்றியது ஆறு முறைக்குள் நின்றதா? புதிய வேலையைத் தொடங்க டெவலப்பர்கள் இழுக்கும் அந்த இரண்டு நாள் குறைந்ததா? மூன்றாவது கடைசியாகத்தான் மாறும். நான்கு வாரம் வரை அசையாவிட்டாலும் பதறவேண்டாம்.

விலையை ஒவ்வொரு முறையும் தன் கையால் எழுதிவிட்டும் வாரம் இரண்டு கார்டை நகர்த்திக்கொண்டே இருக்கிறார் என்றால், அவருக்கு விலை தெரியவில்லை என்ற அனுமானம் தவறு. தெரிந்தே கொடுக்கிறார். அப்போது பலகையைத் திருத்திப் பயனில்லை. ஒருமுறை வேண்டுமானால் தனிக்குழுவை முயலலாம், இல்லாவிட்டால் ஐந்தாவது வழி. அதற்கான தேதியை கோபம் வந்த நாளில் குறிக்காமல் ஒப்பந்தத்தைப் பார்த்துக் குறியுங்கள். பங்கு விருப்பம், அதாவது நிறுவனத்தின் பங்கைக் குறித்த விலையில் வாங்கும் உரிமை, கொடுத்திருந்தால், பல ஸ்டார்ட்அப்களில் அது நான்கு ஆண்டில் படிப்படியாகக் கைக்கு வரும், முதல் ஓராண்டு முடியும்வரை ஒன்றும் வராது. பதினோராவது மாதத்தில் விலகுவதற்கும் பதின்மூன்றாவது மாதத்தில் விலகுவதற்கும் உள்ள இடைவெளி அங்கே இருக்கிறது. விலகிய பின் அந்தப் பங்குகளை வாங்கக் கொடுக்கும் அவகாசத்தையும் பாருங்கள். 90 நாள் என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும், அதற்குள் கையில் பணம் வேண்டும்.